கையிலிருக்கும் ரொக்கத்துக்கு நாமே ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?

"அண்ணன் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். போன வரியாண்டில் வங்கியில் போட்ட 4 லட்சம் ராண்ட் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று வரித்துறையான சார்ஸ் கடிதம் அனுப்பியிருக்கிறது. சொல்லாவிட்டால் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்களாம். திருடன் என்று பிடித்தால்கூட அரசாங்கம்தானே நிரூபிக்க வேண்டும்? சொந்தப் பணத்துக்கு நாம் நிரூபிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?"

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் நிற்பது தென்னாப்பிரிக்காவின் 2011-ஆம் ஆண்டு வரி நிர்வாகச் சட்டத்தில் உள்ள 102-ஆம் பிரிவு. ஒரு தொகைக்கு வரி கிடையாது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், ஒரு செலவைக் கழிக்க வேண்டும் என்று கேட்பவர்தான் அதையும் நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. புதிதாக வந்ததும் இல்லை. 1962-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 82-ஆம் பிரிவாக இருந்ததை 2012 அக்டோபரில் இந்தச் சட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

காரணத்துக்கு வருவோம். சார்ஸ் அதிகாரியின் மேசையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வங்கி அறிக்கையில் ஒரு பதிவு: தேதி, ரொக்க வரவு, 28,000 ராண்ட். அதோடு சரி. 50,000 ராண்டும் அதற்கு மேலும் ரொக்கமாகப் போட்டால் வங்கி நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், ஆனால் அந்தத் தகவலிலும் பணம் வந்தது என்றுதான் இருக்கும், ஏன் வந்தது என்று இருக்காது. காசோலைக்கும் வங்கி மாற்றத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு பெயர் இருக்கிறது. ரொக்கத்துக்கு இல்லை. அது அம்மா கொடுத்ததா, சீட்டு எடுத்ததா, நண்பன் கடனாகத் தந்ததா, கல்லாவில் எழுதாமல் எடுத்ததா என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். சார்ஸ்தான் நிரூபிக்க வேண்டும் என்றால் அம்மா கொடுக்கவில்லை, சீட்டு விழவில்லை, நண்பன் தரவில்லை, பழைய கார் எதுவும் விற்கவில்லை என்று ஒவ்வொரு "இல்லை"யையும் அது நிரூபிக்க வேண்டும். அதற்கு முடிவே கிடையாது. விவரம் தெரிந்தவன் வாயைத் திறக்காமல் இருந்தாலே ஜெயித்துவிடுவான். பில் புத்தகத்தைக் கிழித்துப்போட்டவன், ஒழுங்காகக் கணக்கு எழுதியவனைவிட நல்ல நிலையில் இருப்பான். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துவிடுகிறார்கள், அவர் மறைக்க நினைத்தாலும் முடியாது. ரொக்கத்தில் பிழைப்பவருக்கு மட்டும் "நீ கண்டுபிடி பார்க்கலாம்" என்ற சலுகை கொடுத்தால் அந்த நர்ஸுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது, வருமானம் இவ்வளவு என்று முதலில் சொன்னது உங்கள் அண்ணன்தான். ரிட்டர்ன் என்பது அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கூற்று. அந்தக் கூற்றை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் ஓடுகிறது, யாரும் கடைக்கு வந்து கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து எண்ணுவதில்லை. கூற்றுக்கும் வங்கி அறிக்கைக்கும் ஒத்துப்போகாதபோது, கூற்றைச் சொன்னவரிடம்தான் முதலில் கேட்பார்கள்.

திருடனுக்கு உள்ள பாதுகாப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, இந்த நாட்டில் அதற்கு நேரான பதிலும் இருக்கிறது. குற்ற வழக்குகளில் "நீயே நிரூபி" என்ற சட்டங்களை அரசியல் சட்ட நீதிமன்றம் ஒவ்வொன்றாக வெட்டிப்போட்டது. 115 கிராமுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் விற்பனைக்காரன் என்று அனுமானித்துக்கொள்ளலாம் என்ற விதி 1995-இல் புல்வானா வழக்கில் போனது. திருட்டுப் பொருளை வாங்கியவர் அது கொடுத்தவருடைய சொந்தப் பொருள்தான் என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 2000-இல் மனமெலா வழக்கில் போனது. காரணம், நீதிபதிக்குச் சந்தேகம் இருக்கும்போதே ஒருவர் சிறைக்குப் போய்விடலாம் என்பதுதான். ஆனால் அதே 2000-ஆம் ஆண்டு, அதே நீதிமன்றம், மெட்கேஷ் வழக்கில், தகராறு முடியும்வரை காத்திருக்காமல் வாட் வரியை முதலில் கட்டிவிட வேண்டும் என்ற விதியைச் செல்லும் என்று சொன்னது. வரி மதிப்பீட்டில் யாரும் குற்றவாளி ஆவதில்லை. பாக்கி எவ்வளவு என்ற கணக்குத்தான் நடக்கிறது. அங்கே வேண்டிய நிரூபணமும் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு அல்ல, "இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்கிற அளவுக்குப் போதும்.

அந்தப் பணத்தையே அரசு மொத்தமாகப் பறிக்க நினைத்தால் பாரம் மறுபடி அரசின் தலையில் ஏறிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். 1998-ஆம் ஆண்டு திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி பறிமுதல் கேட்டால், இது குற்றத்தில் வந்த பணம் என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். வரிச் சட்டம் கேட்பது அதில் ஒரு பங்கைத்தான், அதனால்தான் அது அவ்வளவு தைரியமாகக் கேட்கிறது.

இப்போது பலர் கவனிக்காத இடம். 102-ஆம் பிரிவுக்கு இரண்டாவது உட்பிரிவு ஒன்று உண்டு. உங்களிடமிருந்து தகவல் கிடைக்காமல் சார்ஸ் தானே ஒரு மதிப்பீடு போட்டால், அந்த மதிப்பீடு நியாயமானது என்று நிரூபிப்பது சார்ஸின் வேலை. குறைத்துக் காட்டியதற்காக அபராதம் போட்டால், அந்த அபராதத்துக்கு அடிப்படையான உண்மைகளை நிரூபிப்பதும் சார்ஸின் வேலை. அதாவது பணம் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் பாரம், நீங்கள் எவ்வளவு தப்பு செய்தீர்கள் என்பது அவர்கள் பாரம். எது யாருக்குத் தெரியுமோ அதை அவர்தான் காட்ட வேண்டும் என்ற அதே தர்க்கம்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

அதோடு, "புரியவில்லை, அதனால் வருமானம்" என்று அதிகாரி எழுதிவிட முடியாது. 2014-இல் பிரிட்டோரியா ஈஸ்ட் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது: தனக்கு ஒன்று விளங்காவிட்டால் கூடுதல் மதிப்பீடு போட்டுவிட்டு, தப்பென்றால் வரி கட்டுபவர் பிறகு நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளட்டும் என்று விடுகிற அணுகுமுறையே தவறு. முதலில் கேட்க வேண்டும், கிடைத்ததைப் படிக்க வேண்டும், ஏன் ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் கடிதம் அந்தக் கேட்கும் கட்டம்தான். அதைத் தண்டனை மாதிரி எடுத்துக்கொண்டு மேசை டிராயரில் போடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

விவரம் நீங்கள் தராததால் நானே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடைக்காரர், 2025 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டுக்கு 3 லட்சம் ராண்ட் வருமானம் காட்டியிருக்கிறார். அதே ஆண்டில் கடை வரவைத் தவிர 4 லட்சம் ரொக்கம் கணக்கில் ஏறியிருக்கிறது. அவர் சொல்வது: 1,50,000 சீட்டுப் பணம், 1,20,000 அம்மா நகையை விற்றுக் கொடுத்தது, 80,000 நண்பர் தந்த கடன், மீதி 50,000 நினைவில்லை.

ஒன்றுமே விளக்காவிட்டால் வருமானம் 7 லட்சம் ஆகிறது. 3 லட்சத்துக்கு அட்டவணைப்படி வரி 59,032, 7 லட்சத்துக்கு 1,89,677. கழிவுகள் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் கூடுதல் வரி 1,30,645 ராண்ட். போதிய கவனம் எடுக்கவில்லை என்று சார்ஸ் காட்டினால் அதன் மேல் 25 சதவீத அபராதம், வேண்டுமென்றே ஏய்த்தார் என்று காட்டிவிட்டால் 150. வட்டி தனி.

சரி, ஒவ்வொன்றாக எடுப்போம்.

சீட்டு. 15 பேர், மாதம் 10,000, எடுத்தவருக்கு 1,50,000. நம் ஆட்கள் சீட்டு என்பார்கள், இங்கே பொதுவாக ஸ்டாக்வெல் என்பார்கள், சார்ஸுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். தான் கட்டியதைத் தானே திரும்ப எடுப்பது வருமானம் இல்லை. ஆதாரமாகச் சீட்டு நோட்டு வேண்டும்: யார் யார், எந்த மாதம் யார் எடுத்தார், கையெழுத்து. வாட்ஸப் குழுவில் மாதாமாதம் போன செய்திகளும் உதவும், ஏனென்றால் அவற்றை இன்று உட்கார்ந்து தயாரிக்க முடியாது. ஆனால் நோட்டைக் காட்டியதும் முடிந்துவிடாது, அதிகாரி அடுத்த கேள்வி கேட்பார்: மாதம் 10,000 எதிலிருந்து கட்டினீர்கள்? 3 லட்சம் வருமானத்தில் வரி போக மாதம் சுமார் 21,500 கையில் நிற்கும். அதில் 10,000 சீட்டுக்கு, மிச்சத்தில் வீட்டுக் கடன், கார், பிள்ளைகள் படிப்பு, சாப்பாடு எல்லாம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மனைவி சம்பாதிக்கிறார், வீட்டுச் செலவெல்லாம் அவர் கணக்கிலிருந்து போகிறது என்று அவருடைய வங்கி அறிக்கை காட்டினால் நம்புவார்கள். இந்த ஓர் அடி பின்னால் போகும் கேள்விதான் நல்ல விளக்கத்தையும் சும்மா சொல்லும் விளக்கத்தையும் பிரித்துக் காட்டும். நம் கடைக்காரருக்கு மனைவி சம்பளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 1,50,000 தப்பித்தது.

சீட்டு நடத்துபவராக இருந்தால் இன்னொரு கதை. மாதம் ஒன்றரை லட்சம் அவர் கணக்கு வழியாகப் போய்வரும், ஆனால் அது அவர் பணம் இல்லை. தனக்காக, தன் பலனுக்காகக் கைக்கு வந்ததுதான் "பெற்றது" ஆகும் என்று 1947-லேயே கெல்டன்ஹாய்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பிறர் பணம் என்று காட்டும் பாரம் மட்டும் அவருடையதே. தன் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

அம்மாவின் நகை. இங்கே நல்ல வேளையாக மூன்றாம் ஆளின் பதிவு ஒன்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு பழைய பொருள் சட்டப்படி, நகையை வாங்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் விற்பவரின் அடையாள எண்ணோடு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ரசீதின் தேதியும் தொகையும், வங்கியில் போட்ட தேதியோடும் தொகையோடும் பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அம்மாவின் உறுதிமொழிக் கடிதம் கூட வேண்டும், அது மட்டும் தனியாக என்றால் பலம் குறைவு. மகனுக்காக அம்மா எதையும் சொல்வார் என்பது அதிகாரிக்கும் தெரியும். பெற்றுக்கொண்ட மகனுக்கு அன்பளிப்பில் வருமான வரி இல்லை. ஆனால் கொடுத்தவருக்கு அந்த ஆண்டில் 1 லட்சம் வரைதான் விலக்கு, அதற்கு மேல் போன 20,000-க்கு 20 சதவீதம், அதாவது 4,000 ராண்ட் நன்கொடை வரி அம்மா கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் "அப்படியானால் அது கடன் என்று எழுதிவிடலாமே" என்பார்கள். வேண்டாம். 4,000-ஐ மிச்சப்படுத்தப் போய் முதல் கடிதத்தில் சொன்னதற்கும் இரண்டாவது கடிதத்துக்கும் முரண் வந்தால் முழு 1,20,000-மும் போகும்.

நண்பரின் கடன். கடன் வருமானம் ஆகாது, திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதிகாரி பார்ப்பது மூன்று விஷயம்: அந்த நண்பர் உண்மையில் இருக்கிறாரா, அவரிடம் 80,000 இருந்திருக்க முடியுமா, கொடுத்தது நிஜமா. இந்தியாவில் 1961 வருமான வரிச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு வழக்குகளிலும் கிட்டத்தட்ட இதே மூன்றைத்தான் கேட்பார்கள், மனித சுபாவம் எங்கேயும் ஒன்றுதானே. நண்பர் தன் வங்கியில் அந்த வாரம் 80,000 எடுத்த பதிவைத் தந்தால் முடிந்தது. தர மாட்டேன் என்றால், அதாவது அவரும் கல்லாவிலிருந்து எழுதாமல் எடுத்துக் கொடுத்திருந்தால் (இதுதான் வழக்கமாக நடப்பது, சொல்ல வேண்டியதில்லை), உங்கள் அண்ணன் விளக்கம் அங்கேயே நின்றுபோகும். நம் கணக்கில் நண்பர் நழுவிவிட்டார் என்று வைப்போம்.

மீதி 50,000-க்குக் கதை கட்டக்கூடாது. விளங்காத ஒன்றை விளங்காதது என்று விடுவதால், விளக்கிய மற்றவற்றின் மேல் நம்பிக்கை கூடும்.

ஆக 80,000-மும் 50,000-மும் சேர்ந்து 1,30,000 வருமானத்தில் ஏறும். மொத்தம் 4,30,000, வரி 95,807, கூடுதல் 36,775. 25 சதவீத அபராதம் என்றால் சுமார் 9,200. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் வந்த 1,30,645-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது.

அடிக்கடி கேட்கும் இன்னொரு விளக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: "பல வருடமாக வீட்டில் சேர்த்து வைத்தது." பொய் என்று நான் சொல்லவில்லை. வங்கியை நம்பாத நம் பெரியவர்கள் அரிசி டின்னில் பணம் வைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது பொதுவாகத் தோற்பது ஏனென்றால், கடை நடத்துபவர் தன் ரிட்டர்னில் ஆண்டுதோறும் சொத்து, கடன் விவரம் எழுதியிருப்பார், அதில் கையிலுள்ள ரொக்கம் என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருப்பார். இன்று 2 லட்சம் வீட்டில் இருந்தது என்றால், அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? வீட்டில் 2 லட்சம் வைத்துக்கொண்டு அதே மாதங்களில் கிரெடிட் கார்டில் வட்டி கட்டிக்கொண்டிருந்தார் என்றாலும் கதை ஆட்டம் காணும். பணம் நோட்டாகவே அதிகாரி கண்ணில் பட்டால் நோட்டே பேசிவிடும்: மண்டேலா படம் போட்ட நோட்டுகள் 2012 நவம்பரில்தான் வந்தன, அவற்றின் புதிய வடிவம் 2023 மே மாதத்தில். 2005-இலிருந்து சேர்த்தது என்று சொல்லி முழுக்க 2023 நோட்டுக் கட்டுகளை நீட்டினால் என்ன சொல்வது.

அதிகாரிகள் பெரிய கேஸில் செய்வதும் இதைத்தான், கொஞ்சம் முறையாக. ஆண்டு ஆரம்பத்தில் இருந்த சொத்து, ஆண்டு முடிவில் இருந்த சொத்து, நடுவில் குடும்பம் செலவழித்தது, இவற்றைக் கூட்டிக் கழித்து, காட்டிய வருமானத்தால் இவ்வளவு ஏற முடியுமா என்று பார்ப்பார்கள். குடும்பச் செலவுப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதில் செலவைக் குறைத்து எழுதுவது புத்திசாலித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். மளிகைக்கு மாதம் 1,500 என்று எழுதிவிட்டு, கார்டு அறிக்கையில் 6,000 போயிருந்தால் மற்ற எண்களையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

இந்த விதியில் எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ள வசதி இருப்பவருக்கு இது சிரமமே இல்லை. ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ வீட்டில் சமைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு இது மலை. ரசீது கொடுக்காத உலகத்தில் வாழ்பவரிடம் ரசீது கேட்கிறது சட்டம். ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி, ஆனால் மோசடியோ மறைப்போ தவறான தகவலோ இருந்ததாக சார்ஸ் காட்டினால் பழைய ஆண்டை மறுபடி மதிப்பிடக் காலவரம்பே கிடையாது, அப்போது 8 வருடத்துக்கு முந்தைய சீட்டு நோட்டை எங்கே தேடுவது? வாய்மொழிச் சாட்சியத்தையும் நீதிமன்றம் கேட்கும், காகிதம் இல்லாததாலேயே தோற்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அது நீதிமன்றம்வரை போக முடிந்தவர்களுக்கு.

உங்கள் அண்ணன் விஷயத்தில் தேதிகள்தான் இப்போது முக்கியம். இது விவரம் கேட்கும் கடிதமா, தணிக்கை முடிவைச் சொல்லும் கடிதமா என்று பாருங்கள். முடிவுக் கடிதம் என்றால் 21 வேலை நாளில் பதில் போக வேண்டும், பெரிய காரணம் இருந்தால் நீட்டிப்புக் கேட்கலாம். அதன் பிறகு மதிப்பீடு வந்துவிட்டால் ஆட்சேபணைக்கு 80 வேலை நாள், 2023-க்கு முன் இது 30-தான் இருந்தது. ஆட்சேபணை போட்டதாலேயே பணம் கட்டுவது நிற்காது, அதை நிறுத்திவைக்கச் சொல்லி 164-ஆம் பிரிவின்படி தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இதை மறந்துவிட்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட பிறகு ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தானாக முன்வந்து சொல்லும் திட்டம் பற்றி யாராவது ஆசை காட்டினால், தணிக்கை அறிவிப்பு வந்த பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும் என்று நினைவில் வையுங்கள்.

வரவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று வைத்து, மேலே தேதியும் தொகையும், கீழே விளக்கம், அதற்குப் பின்னால் ஆதாரம் என்று அடுக்கி இ-ஃபைலிங்கில் ஏற்றச் சொல்லுங்கள். கடன் கொடுத்த நண்பர் யாராவது இருந்தால் இன்று மாலையே அவரோடு பேசச் சொல்லுங்கள், அவர் தருவாரா மாட்டாரா என்று தெரிந்த பிறகு கடிதம் எழுதினால் போதும்.